கியூஆர் விற்பனையும் வங்கி வரவும் ஏன் பொருந்துவதில்லை? கொழும்புச் சிறுகடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்கத்துச் சிறுகடைகளின் கணக்கைப் பார்த்துக்கொடுக்கும்போது இந்தக் கேள்விகள் மீண்டும் மீண்டும் என் காதில் விழுகின்றன. லங்கா கியூஆர் அட்டையைக் கடையில் வைத்து, பணம் அடுத்த வங்கி நாளிலோ அதற்குப் பின்னரோ கணக்கில் விழும் கடைகளுக்காக இதைத் தொகுத்திருக்கிறேன். சில வங்கிகள் ஒவ்வொரு கொடுப்பனவையும் உடனுக்குடன் வரவு வைக்கின்றன. அப்படிப்பட்ட வசதி உள்ளவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

கீழே வரும் உதாரணத்தில் கட்டணம் 1 வீதம் என்றும், நாள் முடிப்பு இரவு 9 மணி என்றும் வைத்திருக்கிறேன். இரண்டும் கணக்குப் போட வசதியாக எடுத்துக்கொண்டவை. உங்கள் வீதமும் நேரமும் நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் இருக்கும்.

நேற்று கியூஆரில் 18,400 ரூபாய் விற்றேன். வங்கியில் 15,840 தான் விழுந்திருக்கிறது. மிச்சம் 2,560 எங்கே போனது?

அதில் 2,400 ரூபாய் எங்கும் போகவில்லை, இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது, வங்கியின் கியூஆர் நாளோ 9 மணிக்கே முடிந்துவிடுகிறது. 9 மணிக்கு முன் நடந்த விற்பனை 16,000 ரூபாய். அதன் பிறகு வந்த 2,400 ரூபாய் வங்கியின் கணக்கில் மறுநாள் விற்பனையாகப் பதிவாகியிருக்கிறது.

மீதி 160 ரூபாய் கட்டணம். 16,000 ரூபாயில் 1 வீதத்தைக் கழித்துக்கொண்டுதான் 15,840 ரூபாயை வரவு வைத்திருக்கிறார்கள். கியூஆர் கணக்குக் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே தொடங்குகின்றன: நாள் முடியும் நேரம் வேறு, வந்து விழும் தொகை கட்டணம் போன மீதி. ஆகவே இன்றைய விற்பனையை இன்றைய வங்கி வரவோடு ஒப்பிடும் வழக்கத்தை முதலில் கைவிடுங்கள். அவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டிய எண்களே அல்ல.

வாடிக்கையாளரின் கணக்கில் உடனே பணம் கழிகிறது. எனக்கு மட்டும் ஏன் தாமதம்?

வாடிக்கையாளர் ஸ்கேன் செய்தவுடன் அவருடைய வங்கி பணத்தைக் கழித்துவிட்டு, லங்காபே வலையமைப்பின் வழியாக உங்கள் வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. உங்கள் தொலைபேசியில் வரும் அறிவித்தல் அந்தச் செய்திதான். வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கவும் வாங்கவும் வேண்டியவற்றைக் கழித்துப் பார்த்து, மீதி நிற்கும் நிகரத் தொகையை இலங்கை மத்திய வங்கியில் உள்ள தங்கள் கணக்குகளில் தீர்த்துக்கொள்கின்றன.

அதன் பிறகு உங்களுக்குக் கியூஆர் தந்த வங்கியோ நிறுவனமோ உங்கள் கடையின் ஒரு நாள் விற்பனையை ஒரு கட்டாகத் திரட்டி, கட்டணத்தைக் கழித்து, கணக்கில் இடுகிறது. இதைத்தான் தீர்ப்பனவு என்கிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பணம் உங்களுக்கு வரவேண்டிய கடன். ஒரு நல்ல வாடிக்கையாளர் கொப்பியில் எழுதி வாங்கிப் போனதைப் போல அதை நினைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். இங்கே கடன்காரர் உங்கள் வங்கி, அவ்வளவுதான்.

அப்படியானால் தினமும் எதை எழுதி வைக்க வேண்டும்?

நான்கு எண்கள் போதும். அன்று கடை திறந்ததிலிருந்து மூடும் வரை கியூஆரில் நடந்த மொத்த விற்பனை, அன்று வங்கியில் விழுந்த தொகை, அந்த வரவுக்காகக் கழிக்கப்பட்ட கட்டணம், இன்னும் வராமல் வழியில் இருக்கும் பணம். நான்காவது எண்ணை எங்கும் தேட வேண்டியதில்லை, கணக்கிட்டால் வரும்: நேற்றைய வழிப்பணத்தோடு இன்றைய கியூஆர் விற்பனையைக் கூட்டி, இன்று விழுந்த வரவையும் கட்டணத்தையும் கழியுங்கள்.

கணினியில் எழுதுபவர்கள் A நிரலில் திகதி, B யில் கியூஆர் விற்பனை, C யில் வங்கி வரவு, D யில் கட்டணம் என்று வைத்து, E2 இல் முந்தைய நாளின் வழிப்பணத்தை எழுதி, E3 இல் இதை இட்டுக் கீழே நகலெடுக்கலாம்:

```
=E2+B3-C3-D3
```

விற்பனையை எழுதும்போது வங்கியின் 9 மணிக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். கடை மூடும் நேரமே உங்கள் நாளின் முடிவு. இல்லாவிட்டால் லாச்சியில் உள்ள காசு ஒரு நாளைக்கும் கியூஆர் இன்னொரு நாளைக்கும் உரியதாகி, அன்றைய மொத்த விற்பனை எவ்வளவு என்பதே தெரியாமல் போய்விடும். கடையில் வேலை செய்பவர்களிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கியூஆரில் கொடுத்த பில்லில் அந்த நேரத்திலேயே ஓர் அடையாளம் இட வேண்டும். இரவு இருந்து நினைவிலிருந்து பிரித்தால் சரி வராது.

சனி, ஞாயிறு போய், திங்கட்கிழமை போயாவும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை 74,250 ரூபாய் மொத்தமாக விழுந்திருக்கிறது. இதை எப்படிப் பிரிப்பது?

முதல் கேள்வியில் வந்த கடையையே தொடர்வோம். அவர்கள் வியாழக்கிழமைதான் கியூஆர் அட்டையை வைத்தார்கள், ஆகவே தொடக்கத்தில் வழிப்பணம் எதுவும் இல்லை. போயா வங்கி விடுமுறை. சில்லறைக் கடை திறந்திருக்கும், வாடிக்கையாளரின் பணமும் கழியும், தீர்ப்பனவு மட்டும் நடக்காது. இந்தக் கடையின் ஒப்பந்தப்படி சனி, ஞாயிறும் அப்படித்தான். கீழே மூன்றாவது நிரலில் இருப்பது வங்கி வரவையும் கட்டணத்தையும் சேர்த்த தொகை.

| நாள் | கியூஆர் விற்பனை | தீர்ந்த தொகை | நாள் முடிவில் வழியில் |
|---|---|---|---|
| வியாழன் | 18,400 | 0 | 18,400 |
| வெள்ளி | 21,600 | 16,000 | 24,000 |
| சனி | 27,000 | 0 | 51,000 |
| ஞாயிறு | 14,000 | 0 | 65,000 |
| திங்கள் (போயா) | 12,000 | 0 | 77,000 |
| செவ்வாய் | 19,000 | 75,000 | 21,000 |

செவ்வாயன்று விழுந்த 74,250 ரூபாயோடு கட்டணம் 750 ரூபாயைச் சேர்த்தால் 75,000. அதற்குள் நான்கு கட்டுகள் இருக்கின்றன. வெள்ளிக் கட்டு 21,000: வியாழன் இரவு 9 மணிக்குப் பின் வந்த 2,400 ரூபாயும் வெள்ளி 9 மணிக்கு முன் வந்த 18,600 ரூபாயும். சனிக் கட்டு 27,000: வெள்ளி இரவின் 3,000, சனியின் 24,000. ஞாயிற்றுக் கட்டு 17,000: சனி இரவின் 3,000, ஞாயிறு நேரத்தோடு மூடியதால் அன்றைய முழு விற்பனை 14,000. திங்கட் கட்டு 10,000.

இனிப் பரிசோதனை. திங்கள் இரவு வழியில் இருந்தது 77,000, தீர்ந்தது 75,000. மிஞ்சும் 2,000 ரூபாய் திங்கள் இரவு 9 மணிக்குப் பிறகு விற்ற தொகையாக இருக்க வேண்டும். செயலியில் அந்த நேரத்துக்குப் பின் வந்தவற்றைக் கூட்டிப் பாருங்கள். 2,000 வந்தால் ஐந்து நாள் கணக்கும் ஒரு சதமும் பிசகாமல் சரி. சனிக்கிழமையின் விற்பனையும் சனிக்கிழமைக் கட்டும் இங்கே ஒரே 27,000 ஆக வந்தது தற்செயல். அதைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

வங்கிக் கணக்குக்கூற்றில் ஒரே வரிதான் வருகிறது. எந்தெந்தக் கட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்?

கணக்குக்கூற்றிலிருந்து தெரியாது. வணிகர்களுக்கான செயலியிலோ இணையத்தளத்திலோ தீர்ப்பனவு அறிக்கை இருக்கும், பெரும்பாலும் Settlement என்ற பெயரில். கட்டின் திகதி, கொடுப்பனவுகளின் எண்ணிக்கை, மொத்தம், கட்டணம், நிகரம் ஆகியவை அதில் வரும். உங்களுக்கு அப்படி ஒன்று தெரியவில்லை என்றால், மின்னஞ்சலில் தினமும் அனுப்பும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த அறிக்கை இல்லாமல் கணக்கை ஒப்பிடுவது ஊகம்தான், அதனால் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கட்டணம் போனது போகட்டும், வங்கியில் விழுந்ததையே விற்பனை என்று எழுதினால் என்ன?

அப்படி எழுதினால் விற்பனை குறைந்து தெரியும், கட்டணமாக எவ்வளவு போகிறது என்பது மறைந்துவிடும். மேலே பார்த்த தீர்ப்பனவுகளில் விற்பனை 91,000, கட்டணம் 910, வங்கிக்கு வந்தது 90,090. விற்பனைப் பக்கத்தில் 91,000 ரூபாயை முழுதாகவும், செலவுப் பக்கத்தில் 910 ரூபாயைத் தனியாகவும் எழுத வேண்டும். வரிக்காகக் கணக்குக் காட்டும்போதும் விற்பனை என்பது வாடிக்கையாளர் கொடுத்த முழுத் தொகைதான்.

சில சதங்கள் வித்தியாசம் வந்தால் அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கணித்து முழுமைப்படுத்துவதால், மொத்தத்துக்கு நீங்கள் கணிக்கும் வீதத்தோடு அது சற்று விலகும். அறிக்கையில் உள்ள கட்டணத்தையே எழுதுங்கள். விலகல் ரூபாய்க்கணக்கில் போனால் மட்டும் வீதத்தைச் சரிபாருங்கள்.

சனிக்கிழமை நல்ல விற்பனை. அதை நம்பி முகவருக்குத் திங்கட்கிழமைத் திகதியில் காசோலை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நம் கடைகளில் கியூஆர் உண்மையான சேதத்தை உண்டாக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். சனி இரவு மேலே உள்ள கடைக்கு 51,000 ரூபாய் வழியில் இருந்தது. செயலி அதை வெற்றிகரமான கொடுப்பனவுகளாகக் காட்டும், மனம் அதைக் கைக்காசாக எண்ணும். ஆனால் போயா முடிந்து செவ்வாய் வரை வங்கியில் ஒரு ரூபாயும் கூடவில்லை.

முகவர் அந்தக் காசோலையைச் செவ்வாய் காலையில் வைப்பிட்டால், அது உங்கள் கணக்கைத் தொடும் நேரமும் தீர்ப்பனவு விழும் நேரமும் நெருங்கி வந்து நிற்கும். தீர்ப்பனவு பிந்தினால் காசோலை திரும்பும். வங்கி அறவிடும் தண்டப்பணத்தை விட, முகவர் அடுத்த முறை காசு வைத்தால்தான் சரக்கை இறக்குவேன் என்று சொல்வது பெரிய நட்டம். காசோலை எழுதும்போது வங்கி மீதியை மட்டும் பாருங்கள். கியூஆர் பணத்தை நம்பித்தான் எழுத வேண்டும் என்றால், அந்தக் கட்டு விழ வேண்டிய நாளுக்கு அடுத்த வங்கி நாளைத் திகதியாக இடுங்கள். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வார இறுதியோடு சேரும் ஆண்டுகளில் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

வாடிக்கையாளர் தன் தொலைபேசியில் 'வெற்றி' என்று காட்டுகிறார். எனக்கு அறிவித்தல் வரவில்லை. பொருளைக் கொடுக்கலாமா?

உங்கள் செயலியில் உள்ள கொடுப்பனவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். குறுஞ்செய்தி பிந்தலாம், பட்டியலில் இருந்தால் பணம் உங்களுடையது. பட்டியலில் இல்லையென்றால் அவருடைய திரையில் உள்ளதை ஆதாரமாக ஏற்க வேண்டாம். பழைய திரைப்பிடியைக் காட்டி ஏமாற்றுவது எளிது. நேர்மையானவராக இருந்தாலும் அவர் வேறு கடையின் பெயருக்கு அனுப்பியிருக்கலாம், கொடுப்பனவு இடையில் தொங்கிக்கொண்டும் இருக்கலாம்.

தெரிந்த வாடிக்கையாளர் என்று கொடுத்தீர்களானால், தொகை, நேரம், அவர் திரையில் உள்ள குறிப்பு எண் ஆகியவற்றை எழுதி அதைக் கியூஆர் விற்பனையில் சேர்க்காமல் அவருடைய கடனாகப் பதியுங்கள். பட்டியலில் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். வராத பணத்தைக் கியூஆரில் எழுதினால் வழிப்பணம் பொய்யாகப் பெருகும். அதன் விளைவைக் கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

450 ரூபாய்க்குப் பதிலாக ஒருவர் 4,500 ரூபாய் போட்டுவிட்டார். மீதி 4,050 ரூபாயைக் காசாகக் கொடுத்தேன். எப்படி எழுதுவது?

கியூஆர் நிரலில் 4,500 ரூபாயை அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் வங்கி 4,500 ரூபாயைத்தான் தீர்க்கப்போகிறது. லாச்சியிலிருந்து 4,050 ரூபாய் வெளியே போனதைத் தனியாக, காரணத்தோடு எழுதுங்கள். அந்த வாடிக்கையாளருக்கு விற்றது 450 ரூபாய்தான். கியூஆரை 450 என்று குறைத்து எழுதினால் இரண்டு இடத்தில் கணக்கு உடையும்: லாச்சியில் 4,050 ரூபாய் குறையும், வங்கியில் 4,050 ரூபாய் கூடும்.

காசாகத் திருப்புவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கட்டணம் 4,500 ரூபாய்க்குப் போகும், நான்கரை ரூபாய்க்குப் பதில் 45 ரூபாய். உங்கள் செயலி அனுமதித்தால் அன்றைய நாள் முடிப்புக்கு முன் கொடுப்பனவை இரத்துச் செய்து மீண்டும் சரியாக வாங்குவதே நல்லது. எப்படிச் செய்தாலும், பணம் வந்ததை உங்கள் பட்டியலில் பார்க்காமல் லாச்சியைத் திறக்காதீர்கள். கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லி மீதி கேட்பது பழகிய ஏமாற்று.

செயலி வழியாகத் திருப்பிய தொகை அடுத்த கட்டில் கழிக்கப்பட்டு வரும். அதை அன்றைய கியூஆர் விற்பனையிலிருந்து கழித்து எழுதினால் மூன்றாவது கேள்வியில் உள்ள கணக்கு அப்படியே பொருந்தும்.

சிலர் கியூஆரை விட்டுவிட்டு என் கணக்கு எண்ணுக்கே நேரடியாக அனுப்புகிறார்கள். அதையும் கியூஆரில் சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது. கணக்கு எண்ணுக்கு அனுப்புவது பெரும்பாலும் சில நொடிகளில் முழுத் தொகையாக விழும், உங்களிடமிருந்து கியூஆர் கட்டணமும் போகாது. அது எந்தக் கட்டிலும் வராது. அதைக் கியூஆர் நிரலில் எழுதினால் வராத தீர்ப்பனவுக்காகக் காத்திருப்பீர்கள். 'நேரடி வரவு' என்று தனி நிரல் வையுங்கள்.

கடையில் இரண்டு வங்கிகளின் கியூஆர் அட்டைகள் இருந்தாலும் இதே விதி: ஒவ்வொன்றுக்கும் தனி வழிப்பணம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக வைத்தால், ஒன்று நின்றுபோனதை மற்றொன்று மறைத்துவிடும். உண்மையில் லங்கா கியூஆர் பொதுத் தரம் என்பதால், அதில் இணைந்த எந்த வங்கியின் செயலியிலிருந்தும் ஒரே அட்டைக்குப் பணம் செலுத்தலாம். இரண்டாவது அட்டை தேவையா என்று யோசியுங்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் யூபிஐ மூலம் ஸ்கேன் செய்கிறார்கள். அது வேறு கணக்கா?

2024 பெப்ரவரி முதல் இந்திய யூபிஐ லங்கா கியூஆரோடு இணைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு இலங்கை ரூபாயில்தான் வரவு. இப்படி வரும் கொடுப்பனவுக்குக் கட்டணமும் தீர்ப்பனவு நாளும் உள்ளூர்க் கொடுப்பனவைப் போலவே இருக்குமா என்று வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறானால் பில்லில் தனி அடையாளம் போதும்.

எல்லாம் பார்த்தாயிற்று. ஆனாலும் 270 ரூபாய் இடிக்கிறது. எங்கே தேடுவது?

முதலில் தொகையை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் அடையாளமிட்ட பில்கள் எத்தனை, செயலியில் கொடுப்பனவுகள் எத்தனை? எண்ணிக்கை வேறானால் ஒரு பில் முழுதாக விடுபட்டிருக்கிறது அல்லது காசு கொடுத்த பில்லில் கியூஆர் அடையாளம் விழுந்திருக்கிறது. பின்னதானால் லாச்சியில் அதே தொகை கூடியிருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தால், வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 1,520 ரூபாயை 1,250 என்று எழுதினால் வரும் வித்தியாசம் 270. இது உங்கள் கொப்பியிலும் நடந்திருக்கலாம், வாடிக்கையாளரின் விரலிலும் நடந்திருக்கலாம். மேசையில் ஒட்டியிருக்கும் நிலையான கியூஆரில் தொகையை அவர்தான் இடுகிறார். திரையில் பில் தொகையோடு தோன்றும் கியூஆரைக் காட்டும் வசதி உங்களிடம் இருந்தால் இந்தப் பிழை அடியோடு நின்றுவிடும்.

மாத முடிவில் கணக்காளர் வங்கிக் கூற்றை மட்டும் கேட்கிறார். அது போதுமா?

போதாது. கடைசி நாள் இரவு வழியில் நின்ற பணத்தையும், அதற்குரிய கட்டுகளின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். அது அந்த மாத விற்பனை, அடுத்த மாத வங்கி வரவு. கணக்காளர் அதை வரவேண்டிய பணமாக மாத முடிவில் காட்ட வேண்டும்.

வழிப்பணம் கூடிக் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு தீர்ப்பனவுக்குப் பிறகும் கணக்கு 650 ரூபாய் அதிகமாகவே நிற்கிறது. இது என்ன?

எங்கோ ஒரு கொடுப்பனவு சிக்கி நிற்கிறது. ஆரோக்கியமான வழிப்பணத்தை எந்த நாளும் முழுதாக விளக்க முடியும்: இன்னும் தீராத கட்டுகள், அவற்றோடு கடைசி நாள் முடிப்புக்குப் பின் வந்த விற்பனை. போயா உதாரணத்தில் 2,000 ரூபாயை விளக்கியது போல. விளக்க முடியாத ஒரே தொகை நாள்தோறும் அடியில் தங்கினால், அது முதன்முதலில் தோன்றிய நாளுக்குப் பின்னோக்கிப் போங்கள். அந்த நாளின் கட்டை மட்டும் வரிவரியாகச் செயலிப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும்.

650 ரூபாய் உங்கள் கொப்பியில் இருந்து செயலிப் பட்டியலில் இல்லையென்றால், அந்தப் பணம் வரவே இல்லை. வாடிக்கையாளரைத் தேட வேண்டும். பட்டியலில் வெற்றி என்று இருந்து தீர்ப்பனவு அறிக்கையில் இல்லையென்றால், வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. கட்டின் திகதி, கொடுப்பனவின் நேரம், குறிப்பு எண், முனைய எண், வரவேண்டிய தொகை ஆகியவற்றை எழுத்தில் அனுப்புங்கள். 'பணம் குறைகிறது' என்று தொலைபேசியில் சொன்னால் யாராலும் தேட முடியாது. முறைப்பாட்டு எண்ணை வாங்கிக் கொப்பியில் அந்த 650 ரூபாய்க்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

வங்கி பதில் தராமல் இழுத்தடித்தால், அந்த எழுத்துமூல முறைப்பாட்டின் பிரதியோடு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். அதுவரை 650 ரூபாயைக் கணக்கிலிருந்து அழிக்க வேண்டாம். வழிப்பணத்திலிருந்து எடுத்து 'முறைப்பாட்டில் உள்ளது' என்று தனி வரியில் வையுங்கள். அப்போது மீதி வழிப்பணம் மறுபடியும் ஒவ்வொரு நாளும் முழுதாக விளக்கக்கூடியதாக இருக்கும், அடுத்த கொடுப்பனவு சிக்கினாலும் அன்றே கண்ணில் படும்.